ஊசுட்டேரிக் கரையில் ஞாயிறு காலை: வேறு துறையினரோடு எதிர்பார்ப்பில்லாமல் பழகுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் வரி ஆலோசகராகத் தொழில் தொடங்கிய முதல் 6 ஆண்டுகளில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கணக்கர்களாகவோ, கணக்கர்களிடம் வருபவர்களாகவோ இருந்தார்கள். திருமண வீட்டில் பந்தியில் அமர்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் ஜிஎஸ்டி பற்றித்தான் பேசுவார். அந்த வட்டத்தைத் தாண்டி ஒரு பொறியாளரையோ, செவிலியரையோ, தமிழாசிரியரையோ மனிதராக அறிந்துகொண்டது ஊசுட்டேரியில் பறவை எண்ணப் போகத் தொடங்கிய பிறகுதான். அந்த அனுபவத்தை மையமாக வைத்து, ஒரு குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது, முதல் சில மாதங்களில் எப்படி நடந்துகொள்வது, தொழில் பற்றிய பேச்சு வரும்போது என்ன செய்வது, எங்கே தவறும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

இதற்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. 1973-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் மட்டுமே. மற்ற அனைவரும் எப்போதாவதோ, அரிதாகவோ சந்திப்பவர் மூலமே அந்தச் செய்தியைப் பெற்றிருந்தார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் என்பதும், சற்றுத் தள்ளி நிற்பவர் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார் என்பதும் அவர் தந்த விளக்கம். இதைப் படித்தவுடன், அப்படியானால் தள்ளி நிற்பவர்களைத் திட்டமிட்டுச் சேகரிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சேகரிக்கப்படுகிறோம் என்று உணர்ந்த மனிதர் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். அவர் நம்மிடம் இயல்பாகப் பேசினால்தான் அவருடைய உலகம் நமக்குத் தெரியவரும் என்பதால், எதிர்பார்ப்பில்லாமல் போவது நல்ல குணத்துக்காக மட்டும் சொல்லப்படும் அறிவுரை இல்லை. காரியம் நடக்க வேறு வழி கிடையாது.

குழுவைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாப் பொழுதுபோக்கும் இதற்குப் பொருந்தாது. மாலை 6 மணிக்கு மேல் வாகனப் போக்குவரத்து தடுக்கப்படும் கடற்கரைச் சாலையில் நூற்றுக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஓராண்டு நடந்தாலும் ஒருவரோடும் பேசாமல் வீடு திரும்பலாம். நிறுவனக் கிரிக்கெட் அணியில் பேச்சு நிறைய உண்டு, ஆனால் பதினொருவரும் ஒரே கட்டடத்திலிருந்து வந்தவர்கள். ஒருநாள் கடற்கரைத் தூய்மைப் பணியில் பல துறையினர் வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த முறை வேறு முகங்கள் இருக்கும்.

நான் பார்க்கச் சொல்வது மூன்று இயல்புகளை. ஒன்று, அதே ஆட்கள் வாராவாரம் திரும்ப வருகிறார்களா என்பது. இரண்டாவது, செய்யும் காரியத்துக்குள்ளேயே சும்மா இருக்கும் நேரம் இருக்கிறதா என்பது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: யார் யாரோடு சேர்ந்து செயல்படுவது என்பதைக் காரியமே முடிவு செய்கிறதா, அல்லது ஏற்கெனவே பழகியவர்கள் தமக்குள் முடிவு செய்துகொள்கிறார்களா?

மூன்றாவது இயல்பை விளக்கப் பூப்பந்து மைதானத்தையும் பெத்தாங்க் மைதானத்தையும் ஒப்பிடலாம். பூப்பந்து இரட்டையர் ஆட்டத்துக்கு நால்வர் போதும். நால்வரும் பணம் போட்டு நேரத்தைப் பதிவு செய்துவிட்டால் ஐந்தாமவருக்கு அங்கே இடமில்லை. ஆடும்போது மூச்சு வாங்குவதால் பேச்சும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்று புதுச்சேரி தன்னுடையதாக்கிக்கொண்ட பெத்தாங்க் வேறு வகையானது. 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரக்குண்டை நோக்கி இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். மூவர் அணியில் ஆளுக்கு இரண்டு குண்டுகள். முதலில் 13 புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. ஒருவர் வீசும்போது ஐவர் நின்றுகொண்டிருப்பார்கள். எந்தக் குண்டு அருகில் இருக்கிறது என்று அளக்க இரு அணியினரும் சேர்ந்து குனிவார்கள். சீட்டுப் போட்டு அணி பிரிக்கும் வழக்கமுள்ள இடத்தில், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு சொல்தாவும் கல்லூரி மாணவரும் வங்கி அதிகாரியும் ஒரே அணியில் நின்றுவிடுவார்கள். அங்கே பதவி செல்லாது. குண்டு எங்கே விழுந்தது என்பது மட்டுமே செல்லும்.

பறவை எண்ணுவதிலும் இந்த மூன்று இயல்புகளும் உண்டு. ஊசுட்டேரி நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், பாதி புதுச்சேரியிலும் பாதி விழுப்புரம் மாவட்டத்திலுமாகக் கிடக்கும் பெரிய ஏரி. நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும். ஒருவர் இருநோக்கியில் பார்த்து எண்ணிக்கை சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இருவர் இருவராகப் பிரிவது தானாக நடக்கிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, தண்ணீரைப் பார்க்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எதிரெதிரே அமர்ந்து காப்பி குடிக்கும்போது ஐந்து நொடி மௌனம்கூடச் சங்கடமாக இருக்கும்; கரையில் அருகருகே நிற்கும்போது பத்து நிமிட மௌனமும் இயல்பாகக் கழிந்துவிடும்.

கடலூர், புதுச்சேரிக் கடற்கரைகளில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி இரவில் நடக்கும் தன்னார்வலர்களோடு சேர்வதும் நல்ல வழி. இரவெல்லாம் நடக்கும் நடையில் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் சில மாதங்களில் பருவம் முடிந்துவிடும், மறுநாள் வேலைக்குப் போவோருக்குத் தூக்கமும் போய்விடும்.

முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு முறை போய்ப் பாருங்கள். முதல் முறை காரியத்தைக் கவனியுங்கள். இரண்டாம் முறை காரியம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். தேநீர்க் கடைக்கு எல்லோரும் சேர்ந்து போகிறார்களா, இல்லை ஆளாளுக்கு வண்டியைக் கிளப்புகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்குள்ள ஒருவராலும் எனக்கு எந்த நன்மையும் வராது என்று இன்றைக்கே உறுதியாகத் தெரிந்தாலும், இருபதாவது ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து வருவேனா? மாட்டேன் என்று தோன்றினால் அந்தப் பொழுதுபோக்கு உங்களுக்குரியது அன்று, அங்குள்ளவர்கள் எவ்வளவு பெரிய ஆட்களாக இருந்தாலும் சரி. பறவையில் ஆர்வமில்லாதவர் ஏரிக்கரையில் நிற்பது மற்றவர்களுக்கு மூன்றே வாரத்தில் தெரிந்துவிடும்.

முதல் இருபது வாரங்கள்

இருபது என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாற ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் வெளியான ஆய்வில் கணக்கிட்டார். அது அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடமாட்டேன். இருந்தாலும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை 6 மணி முதல் எட்டரை வரை என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். 50 மணி நேரத்துக்கு இருபது வாரங்கள், அதாவது ஐந்து மாதங்கள். நான்கு வாரம் போய்விட்டு "யாரும் சரியாகப் பழகவில்லை" என்று நின்றுவிடுபவர்கள் 10 மணி நேரத்தில் திரும்பியிருக்கிறார்கள்.

இந்த ஐந்து மாதங்களில் செய்ய வேண்டியவை மிகச் சில. நேரத்துக்கு வர வேண்டும், வரமுடியாத வாரத்தில் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்தவர் இதை இரண்டு மாதம் செய்தாலே குழு அவரை நம்பத் தொடங்கிவிடும், ஏனென்றால் எந்தத் தன்னார்வக் குழுவுக்கும் உள்ள நிரந்தரத் தலைவலி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள்தான்.

முதல் சந்திப்பில் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் ஊர் எது, வேலை எது என்ற இரண்டு கேள்விகளால் ஒருவரை அளந்துவிடும் பழக்கம் இருப்பதால், இதைத் தவிர்க்கச் சற்று முயற்சி தேவைப்படும். அதற்குப் பதிலாகக் காரியத்தைப் பற்றிக் கேளுங்கள்: எப்போதிலிருந்து வருகிறீர்கள், அந்த நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் தூரத்திலிருந்தே எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்? இப்படிக் கேட்டால் அவர் விருப்பத்தோடு பதில் சொல்வார். தொழிலைக் கேட்டால் நூறு முறை சொன்ன பதிலைத்தான் சொல்வார். தொழில் தானாக வெளிவரும். எங்கள் குழுவில் ஒருவர் செவிலியர் என்பது எனக்கு ஏழாவது வாரத்தில்தான் தெரிந்தது, இரவுப் பணி முடித்து நேராக வந்ததால் இன்று தனக்கு எண்ணிக்கை தவறலாம் என்று அவரே சொன்னபோது.

உங்களை ஒருவர் கேட்டால் மறைக்க வேண்டாம். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேச்சைத் திருப்பிக் கொடுங்கள். "கடைக்காரங்களுக்கு வரிக் கணக்கு பார்க்கிறேன் சார்" என்று நான் சொல்வேன். அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுப்பதில்லை. அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது.

மூன்றாவது மாதம் வாக்கில் ஒரு சிறு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். தலைமைப் பொறுப்பாக அது இருக்கக் கூடாது. யாருக்கும் பிடிக்காத, ஆனால் எல்லோரையும் ஒருமுறை தொட்டுப் போகும் வேலையாக இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது குறிப்பேடு. ஒவ்வொரு இணையரும் எழுதிய எண்ணிக்கையை வாங்கிச் சேர்த்து, தொடங்கிய நேரம், நடந்த தொலைவு, பார்த்த நேரம் ஆகியவற்றோடு, பறவைப் பதிவுகளுக்கான eBird செயலியில் ஏற்றி, வந்திருந்த எல்லோரோடும் அந்தப் பட்டியலைப் பகிர வேண்டும். இதற்காக ஒவ்வொரு வாரமும் எல்லோரிடமும் இரண்டு நிமிடம் பேசியாக வேண்டியிருந்தது. "இந்த நத்தைகுத்தி நாரை பதினேழா, எழுபதா?" என்று கையெழுத்தைக் காட்டிக் கேட்பதிலிருந்து எத்தனையோ பேச்சுகள் தொடங்கின. பெத்தாங்கில் புள்ளிக் கணக்கும், குருதிக்கொடை வட்டத்தில் அழைப்புப் பட்டியலும் இதே பயனைத் தரும். குருதிக்கொடையில் ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையுமே கொடுக்கலாம் என்பதால், யாரை எப்போது அழைக்கலாம் என்று தேதி பார்த்து வைப்பவர் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த வேலையை ஏற்றவர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஒவ்வொருவரோடும் இயல்பாகப் பேசிவிடுவார்.

ஒரு காலைப்பொழுது

பழக்கம் எப்படி அறிவாக மாறுகிறது என்பதைக் காட்ட ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்காகக் கரையில் நின்றிருந்தோம். எனக்கு இணையாக அமைந்தவர் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். நாமக்கோழிகள் தண்ணீரில் கறுப்புப் புள்ளிகளாகப் பரவிக்கிடந்தன. ஒவ்வொன்றாக எண்ணி நான் தடுமாறியபோது, "தம்பி, பத்து எண்ணிக்கோங்க. அந்தப் பத்து எவ்வளவு அகலம் பிடிக்குதுன்னு கண்ணுல வச்சுக்கிட்டு, அதே அகலத்தை அப்படியே எடுத்து வச்சுக்கிட்டே போங்க," என்றார். முப்பத்தெட்டு அகலம் வந்தது. 380 என்று எழுதினேன்.

"அளவுப் புத்தகத்துல நாங்க இப்படி எழுத முடியாது," என்று அவர் சொன்னதும், அது என்னவென்று கேட்டேன். ஒப்பந்ததாரர் செய்த வேலையைக் களத்தில் அளந்து நீளம், அகலம், ஆழம் என்று எழுதிக் கையொப்பமிடும் புத்தகம் அது. மேலதிகாரி மறுபடி சரிபார்த்த பிறகுதான் பில் தயாராகும். மண்ணுக்கடியில் போகும் அடித்தளத்தை மூடுவதற்கு முன்பே அளந்தாக வேண்டும், மூடிவிட்டால் அளவும் இல்லை, பணமும் இல்லை. தன் பணிக்காலத்தில் மழை வருவதற்குள் ஒரு மதகின் அடித்தளத்தை அளந்து முடிக்க ஓடிய கதையை அவர் அரைமணி நேரம் சொன்னார்.

என்னிடம் வரும் சிறு ஒப்பந்ததாரர்கள் வேலையை முடித்துப் பல மாதங்களுக்குப் பிறகு பில் கொண்டுவருவதை, கணக்கு வைக்கத் தெரியாத சோம்பல் என்றே அதுவரை நினைத்திருந்தேன். வேலை முடிந்த நாளுக்கும் பில் நாளுக்கும் நடுவில் இப்படியொரு புத்தகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் முதல் அவர்களிடம் "அளவு எழுதியாச்சா, சரிபார்த்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கினேன், அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். பெரியவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் எனக்கு உதவி செய்யவில்லை, தன் வாழ்க்கையைச் சொன்னார், அவ்வளவே. இப்படிப்பட்ட பயனை முன்கூட்டியே கேட்டுப் பெற முடியாது, ஏனென்றால் என்ன கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

தொழில் பேச்சு வரும்போது

நாளாக ஆக உங்கள் துறையைச் சார்ந்த கேள்வி உங்களிடம் வரும். அதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: நின்றவாக்கில், தாள் எதுவும் பார்க்காமல், தவறினால் கேட்டவருக்கு நட்டம் வராமல் சொல்லக்கூடியதை உடனே, இலவசமாக, முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேற்பட்டதைச் சொல்லக் கூடாது.

ஒரு பெண்மணி வீட்டிலேயே சோப்பு செய்து விற்பவர். தான் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டுமா என்று கேட்டார். கடலூரில் இருக்கும் அவருடைய அக்காவிடம் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம் என்பதைச் சொன்னேன். எல்லைக்கு இந்தப் பக்கம் அக்காவின் கணக்கு செல்லாது. அதுவரை அது ஏரிக்கரைப் பேச்சு. அடுத்து அவர், கடலூருக்கும் பொருள் அனுப்புவதாகச் சொன்னார். வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பே பொருந்தாமல் போகலாம், பில்களைப் பார்க்காமல் சொல்லக் கூடாது, உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள் என்று நிறுத்திக்கொண்டேன். என்னிடம் வாருங்கள் என்று சொல்லவில்லை. உங்களிடமே வரலாமா என்று அவராகக் கேட்டால், அலுவலகத்துக்கு வேலை நாளில் வரச்சொல்லி, மற்றவர்களிடம் வாங்கும் அதே கட்டணத்தை வாங்குவேன். குழுவினருக்குத் தள்ளுபடி என்று தொடங்கினால், குழுவே வாடிக்கையாளர் பட்டியலாக மாறிவிடும்.

எதிர்ப்பக்கம் இதைவிடக் கடினம். அதில் நான் தவறியிருக்கிறேன். எங்களோடு வரும் மருத்துவர் ஒருவரிடம், கரையில் நின்றிருந்தபோது, என் அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. இருநோக்கியைக் கீழே இறக்கிவிட்டு, திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, நேரில் பார்க்காமல் சொல்வது சரியாக இருக்காது என்று மென்மையாகச் சொன்னார். அதே வாரம் வேறு இருவர் தத்தம் முடிவுகளோடு அவரிடம் போனார்கள், என்னைப் பார்த்துத் துணிந்தவர்கள் அவர்கள். அதன்பிறகு இரண்டு மாதம் அவர் வரவில்லை. வாரத்தில் ஆறு நாள் நோயாளிகளைப் பார்ப்பவர் ஏழாம் நாள் பறவையைப் பார்க்க வந்த இடத்தில், நான் ஒரு நோயாளி வரிசையைத் தொடங்கிவைத்திருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், திரும்ப வந்தார்.

உண்மையான தேவை வரும்போது கேட்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. இப்போது நான் பின்பற்றும் முறை இது. குழு கூடும் நேரத்திலும் இடத்திலும் கேட்பதில்லை. வேலை நாளில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்புவேன். தீர்வைக் கேட்காமல் திசையை மட்டும் கேட்பேன். அவர் மறுப்பதற்கான வாசலை நானே திறந்து வைப்பேன். "வணக்கம் டாக்டர், அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் மூணு வாரமா இருக்கு. எலும்பு டாக்டர்கிட்ட காட்டணுமா, பொது மருத்துவர்கிட்டயான்னு மட்டும் தெரிஞ்சா போதும். நேரமில்லைன்னா பரவாயில்ல, நான் ஓபியிலேயே கேட்டுக்கறேன்." அவர் ஒரு சொல்லில் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், அடுத்த ஞாயிறு இருவரும் அதைக் குறித்து எதுவும் பேசாமல் பறவை பார்க்கலாம். ஒரே ஆளிடம் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இப்படிக் கேட்பதில்லை என்றும் வைத்திருக்கிறேன்.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

குழுவைக் கெடுப்பது பெரும்பாலும் வாட்ஸப்பில்தான் தொடங்குகிறது. எங்கள் குழுவில் ஒருவர் காப்பீட்டுத் திட்டம் ஒன்றின் விளம்பரத்தைப் போட்டார், பிறகு தனித்தனியாக ஒவ்வொருவரையும் அழைத்தார். யாரும் கண்டிக்கவில்லை, நம் பண்பு அப்படி. ஆனால் கூட்டம் குறைந்தது. வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வருமிடத்தில் ஏழு பேர் வந்தார்கள். வந்தவர்களும் தேநீருக்கு நிற்காமல் கிளம்பினார்கள். தேநீருக்கு நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதே குழுவின் நலத்துக்குச் சரியான அளவு என்று அப்போதுதான் புரிந்தது. பெரியவர் அந்த நண்பரைத் தனியே அழைத்து, "இங்க வேணாம் தம்பி, வீட்டுக்கு வாங்க, நானே ஒண்ணு எடுத்துக்கறேன்," என்றார். பிறகு குழுவின் விவரத்திலேயே பறவைச் செய்தி மட்டும் என்று எழுதி வைத்தோம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வரியை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. ஒருவர் தவறு செய்த பிறகு எழுதினால் அது அவருக்கெதிராக எழுதியதாகப் படும்.

இன்னொரு ஆபத்து ஓசையில்லாமல் வரும். உங்களோடு பேசுபவர்கள் மூன்று மாதமாக அதே இருவர்தானா, அவர்களும் உங்கள் வயதும் உங்களுடையதை ஒத்த வேலையும் உடையவர்களா என்று பாருங்கள். எங்கே போனாலும் நம்மைப் போன்றவரிடமே நம் கால் போய் நிற்கும். இதற்கு மனவுறுதியை நம்பாமல், இணையர்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கலாம் என்று குழுவில் சொல்லிப்பாருங்கள். விளையாட்டாகச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

பெண்கள் முதல் இரண்டு முறை துணையோடு வருவதும், குழுவில் ஏற்கெனவே பெண்கள் தொடர்ந்து வருகிறார்களா என்று பார்ப்பதும் நல்லது. ஒரு பெண் வந்த ஒரே வாரத்தில் தனிச்செய்திகள் வரத் தொடங்கினால், அந்தக் குழுவுக்கு இரண்டாம் வாய்ப்புத் தர வேண்டியதில்லை.

ஏப்ரலில் வெயில் ஏறி, வலசைப் பறவைகள் போய், ஏரி சுருங்கும்போது பல குழுக்கள் கலைந்துவிடும். இருபது வாரம் சேர்த்த பழக்கம் ஆறு மாதத்தில் ஆறிப்போகும். எனவே மாதம் ஒரு ஞாயிறாவது தாவரவியல் பூங்காவில் மரங்களையும், அங்கேயே இருக்கும் உள்ளூர்ப் பறவைகளையும் பார்க்க வைத்துக்கொண்டோம். மே மாதத்தில் நான்கே பேர் வந்த நாளும் உண்டு. அந்த நால்வரும்தான் ஐப்பசியில் மற்றவர்களை அழைத்துவந்தார்கள்.

விலக நேர்ந்தாலும் முறை உண்டு. இடமாற்றம், உடல்நலம், குழந்தையின் தேர்வு என்று எது காரணமானாலும் இரண்டு வாரம் முன்பே சொல்லி, கையிலிருக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த ஆண்டு என் மகள் பத்தாம் வகுப்பு என்பதால் குறிப்பேட்டைச் செவிலியரிடம் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து விளங்காத பக்கங்களுக்கு மட்டும் இப்போதும் படமெடுத்து அனுப்பி, "இது பதினேழா, எழுபதா சார்?" என்று கேட்கிறார்.